மார்பு எல், இடுப்பு எக்ஸெல்: சைஸ் சார்ட்ட எப்படி படிக்கணும், எந்த சைஸ எடுக்கணும்

போன தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னாடி எங்க அண்ணி ஃபோன தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. ஆன்லைன்ல ரெண்டு ட்ரெஸ் பாத்து வச்சிருந்தாங்க, ரெண்டும் ஒரே கடை, ஒண்ணு நேரா இறங்குற காட்டன் குர்தி, இன்னொண்ணு இடுப்புல தையல் வச்சு கீழ விரியுற கவுன். "இங்க பாரு, மார்புக்கு எல்லுனு காட்டுது, இடுப்புக்கு எக்ஸெல்லயும் தாண்டி போகுது, நான் என்னத்த எடுக்கிறது?"ன்னு கேட்டாங்க. நாங்க இருக்குறது சிங்கப்பூர், இது வெளிநாட்டுல இருந்து வர்ற பார்சல், திருப்பி அனுப்புறதுன்னா தபால் செலவே துணி விலைக்கு வந்துடும், அதனால தப்பா எடுத்தா அலமாரிலதான் தூங்கும். எனக்கு வீட்டுல தையல் மெஷின் இருக்கு, சொந்தக்காரங்க துணியெல்லாம் பிடிச்சு குடுத்து கொஞ்சம் பழக்கம், அன்னிக்கு அண்ணிக்கு ஒரு நோட்டுல போட்டு காட்டுனதத்தான் இங்க வரிசையா எழுதுறேன். பொம்பளைங்க மேலாடைதான் முக்கியமா பேசப்போறேன், ஆம்பளைங்களுக்கு கடைசில ஒரு பத்தி இருக்கு.

முதல்ல சார்ட்டோட கணக்க புரிஞ்சுக்கோங்க

அந்த கடையோட சார்ட் இப்படி இருந்துச்சு, எல்லாம் சென்டிமீட்டர்:

எஸ்: மார்பு 84, இடுப்பு 68
எம்: மார்பு 88, இடுப்பு 72
எல்: மார்பு 92, இடுப்பு 76
எக்ஸெல்: மார்பு 98, இடுப்பு 82
டபுள் எக்ஸெல்: மார்பு 104, இடுப்பு 88

இதுல நம்ம அளவ தேடுறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க. ஒவ்வொரு வரிசைலயும் மார்புல இருந்து இடுப்ப கழிச்சு பாருங்க. 84ல 68 போனா 16. 88ல 72 போனா 16. கீழ வரைக்கும் அதே 16தான். அதாவது இந்த கடை அஞ்சு விதமான உடம்புக்கு தைக்கல, ஒரே உடம்ப அஞ்சு அளவுல பெருசாக்கி தைக்குது. யாருக்கு மார்புக்கும் இடுப்புக்கும் வித்தியாசம் 16 கிட்ட இருக்கோ அவங்களுக்கு ஒரே வரிசைல ரெண்டும் விழும். உங்க வித்தியாசம் 10ன்னா எந்த வரிசைலயும் ரெண்டும் சேந்து விழாது, எத்தன தடவ சார்ட்ட மேலயும் கீழயும் தள்ளி பாத்தாலும் விழாது. உங்க உடம்புல ஒரு குறையும் இல்ல, அவங்க எடுத்துக்கிட்ட அடிப்படை உடம்பு வேற, அவ்ளோதான்.

சீனாவுல இருந்து வர்ற துணில இத லேபிள்லயே எழுதியிருப்பாங்க, நம்மள்ல பாதி பேர் அத கவனிக்கிறதே இல்ல. கழுத்துக்கு பின்னாடி 165/92A-ன்னு இருந்தா, 165 உயரம், 92 மார்பு, அந்த கடைசி எழுத்துதான் மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம். பொம்பளைங்களுக்கு Y-ன்னா 19ல இருந்து 24 சென்டி வித்தியாசம், A-ன்னா 14ல இருந்து 18, B-ன்னா 9ல இருந்து 13, C-ன்னா 4ல இருந்து 8. கண்ணுல படுறது பெரும்பாலும் A-தான். எங்க அண்ணி மாதிரி ரெண்டு பிள்ள பெத்து நாப்பதத் தாண்டுனவங்கள்ல பலபேர் B பக்கமோ C பக்கமோதான் இருப்பாங்க. அப்போ A-வுக்கு வெட்டுன துணிக்குள்ள B உடம்ப போட பாக்குறோம், அதான் ரெண்டு சைஸ்ல தொங்குறோம். பிரச்சனை எங்கன்னு தெரிஞ்சிடுச்சுல்ல, இனி அளவு எடுக்கலாம்.

அளவு எடுக்குறது, அதுலயும் இடுப்பு

அண்ணி சொன்ன கணக்கு 36, 34. இன்ச். 36 இன்ச்னா 91 சென்டி சொச்சம், 34 இன்ச்னா 86 சென்டி. சார்ட்ல பாத்தா மார்பு எல், இடுப்பு எக்ஸெல்லுக்கும் டபுள் எக்ஸெல்லுக்கும் நடுவுல. "எங்க வச்சு எடுத்தீங்க?"ன்னு கேட்டேன். சேல கட்டுற இடத்த காட்டுனாங்க, தொப்புளுக்கு கீழ.

இங்கதான் நம்மள்ல நெறய பேர் வழுக்குறோம். நமக்கு இடுப்புன்னா சேல கொசுவம் சொருகுற இடம், இல்லன்னா ஜீன்ஸ் பட்டன் வர்ற இடம். மேலாடை சார்ட்ல போட்டிருக்குற இடுப்பு அது இல்ல, விலாவுக்கு கீழ உடம்பு ஒடுங்குற இடம், நெறய பேருக்கு தொப்புளுக்கு கொஞ்சம் மேல வரும். கண்டுபிடிக்கிறது சுலபம், நேரா நின்னுக்கிட்டு ஒரு பக்கமா சாயுங்க, எங்க மடிப்பு விழுதோ அதான். அந்த இடத்துல ஒரு நாடாவ கட்டிட்டு நிமிந்து, நாடா மேலயே டேப்ப சுத்துங்க. வயித்த உள்ள இழுக்காதீங்க, மூச்ச சாதாரணமா விட்டுட்டு எடுங்க. அண்ணிக்கு அப்படி எடுத்தப்போ 32 இன்ச், 81 சென்டி வந்துச்சு. ஒரே நிமிஷத்துல அஞ்சு சென்டி குறைஞ்சுது, டயட்டும் இல்ல ஒண்ணும் இல்ல.

மார்புக்கு, எந்த பிரா போட்டு அந்த ட்ரெஸ்ஸ போடுவீங்களோ அத போட்டுக்கிட்டே எடுங்க, மொத்தமா தூக்கலா இருக்குற இடத்துல டேப் வரணும், முதுகுல டேப் கீழ இறங்காம தரைக்கு சமமா இருக்கணும். தனியா எடுத்தா முதுகுல கண்டிப்பா இறங்கும், வீட்டுல யாரயாவது பிடிக்க சொல்லுங்க, இல்லன்னா கண்ணாடிக்கு பக்கவாட்டுல நின்னு பாருங்க. அண்ணிக்கு 91.

இன்னொரு அளவு, இத எந்த சார்ட்டும் கேக்காது ஆனா எனக்கு இது இல்லாம ஒண்ணும் ஓடாது: உக்காந்துக்கிட்டு இடுப்பு. நாற்காலில சாதாரணமா உக்காந்து அதே இடத்துல திரும்ப எடுங்க, கூடத்தான் வரும். அண்ணிக்கு 84. எம்.ஆர்.டி. ரயில்ல ஈஷூன்ல இருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் உக்காந்து போறது அந்த 84தான், கண்ணாடி முன்னாடி நிக்கிற 81 இல்ல.

ஆக அண்ணியோட கணக்கு: மார்பு 91, இடுப்பு 81, உக்காந்தா 84. வித்தியாசம் 10, லேபிள் கணக்குல B. சார்ட் படி மார்பு எல், இடுப்பு எக்ஸெல். இன்னும் ரெண்டு சைஸ்தான், ஆனா டபுள் எக்ஸெல் பயம் போயிடுச்சு.

சார்ட்ல இருக்குறது உங்க அளவா, துணியோட அளவா

ரெண்டு மாதிரி சார்ட் இருக்கு. ஒண்ணு உடம்பு அளவு, "இந்த அளவு உடம்புக்கு இந்த சைஸ்"ன்னு சொல்றது. இன்னொண்ணு துணிய டேபிள் மேல விரிச்சு வச்சு அளந்தது. இத மாத்தி படிச்சா ஒரு சைஸ், சமயத்துல ரெண்டு சைஸ் தப்பிடும்.

எப்படி கண்டுபிடிக்கிறது? நம்பர் 84-88ன்னு ஒரு இடைவெளியோட இருந்தா அது பெரும்பாலும் உடம்பு அளவு. 45, 48, 50ன்னு பாதி பாதியா இருந்தா அது துணிய படுக்க வச்சு ஒரு அக்குள்ல இருந்து மறு அக்குள் வரைக்கும் எடுத்தது, ரெண்டால பெருக்கணும். "கையால அளந்ததால ஒண்ணுல இருந்து மூணு சென்டி வித்தியாசம் இருக்கலாம்"னு கீழ எழுதியிருந்தா அது துணி அளவு. கை நீளம், சட்டை நீளம், தோள் அகலம் எல்லாம் அதே பட்டியல்ல சேந்து இருந்தாலும் துணி அளவாத்தான் இருக்கும். சீன தளத்துல நேரா வாங்குறவங்களுக்கு, 胸围 மார்பு சுற்றளவு, 腰围 இடுப்பு, 肩宽 தோள் அகலம், இந்த மூணையும் கண்ணு பழகிக்கிட்டா போதும், 平铺-ன்னு பக்கத்துல இருந்தா படுக்க வச்சு அளந்தது.

நம்ம ஊரு குர்தி கடைங்கள்ல இன்னொரு குழப்பம், 36, 38, 40, 42ன்னு இன்ச்லயே சைஸ் பேரு. சில கடைக்கு 40ன்னா குர்தியோட மார்பு 40, சில கடைக்கு 40 இன்ச் மார்பு உள்ளவங்க போடலாம்னு அர்த்தம். முதல் கடைல 40 இன்ச் உடம்புக்காரங்க 40 வாங்கி போட்டா கைய தூக்க முடியாது. தேக்கால கடைக்கு போயி வாங்குறப்போ டேப் எடுத்துட்டு போயி விரிச்சு அளந்துடலாம், கடைக்காரங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஆன்லைன்ல கேட்டுதான் ஆகணும், "சைஸ் என்ன"ன்னு கேக்காம "எல் சைஸ விரிச்சு வச்சா அக்குளுக்கு அக்குள் எத்தன சென்டி, இடுப்புல எத்தன சென்டி"ன்னு கேளுங்க. அப்படி கேட்டா "உங்க வெயிட் சொல்லுங்க"ன்னு மழுப்ப வழி இல்ல.

உங்க அலமாரில இருக்குற நல்ல குர்தி ஒண்ண அளந்து வச்சுக்கோங்க

உடம்புக்கும் துணிக்கும் நடுவுல ஒரு இடம் வேணும், தையக்காரங்க அத லூஸுன்னு சொல்வாங்க. 91 மார்புக்கு 91 சட்டை போட்டா மூச்சு விட முடியாது. எவ்வளவு லூஸு வேணும்னு புத்தகத்துல தேடாதீங்க, உங்களுக்கு எது சௌகரியமோ அத உங்க துணியே சொல்லும். ரொம்ப பிடிச்ச, இழுக்காத, தொங்காத ஒரு குர்திய எடுத்து கட்டில் மேல சுருக்கம் இல்லாம விரிச்சு, அக்குள் தையலுக்கு ஒட்டி கீழ ஒரு தடவ, இடுப்பு ஒடுங்குற இடத்துல ஒரு தடவ அளந்து ரெண்டால பெருக்குங்க. தோள் தையலுக்கு தோள் தையல் எவ்வளவுன்னும் எழுதிக்கோங்க.

அண்ணியோட பழைய நீல குர்தி: மார்பு 49, அதாவது 98. இடுப்பு 45, அதாவது 90. தோள் 38. உடம்பு 91, அப்போ மார்புல லூஸு 7. இடுப்புல 90ல 81 போக 9, உக்காந்தா 6. அண்ணிக்கு பிடிச்ச லூஸு இதான்.

இது காட்டன், லினன் மாதிரி இழுவை இல்லாத நெசவு துணிக்கு. குறைஞ்சபட்சம்னு கேட்டீங்கன்னா, நான் மார்புல 6 சென்டிக்கு கீழயும், உக்காந்த இடுப்புக்கு மேல 2 சென்டிக்கு கீழயும் போக விடமாட்டேன். டீ ஷர்ட் மாதிரி பின்னல் துணின்னா கதையே வேற, அது உடம்பு அளவோட சமமா இருந்தாலும் இழுத்துக்கும், அதுல ரெண்டு சைஸ் பிரச்சனையே அவ்வளவா வராது. அதுல சின்ன சைஸ எடுத்தா ஒட்டும், பெருசு எடுத்தா தொங்கும், பாக்க எது பிடிக்குதோ எடுங்க, நம்ம ஊரு புழுக்கத்துக்கு நான் பெருசுதான் சொல்லுவேன்.

இப்போ ரெண்டு ட்ரெஸ்ஸையும் போட்டு பாப்போம்

குர்தி முதல்ல. விற்கிறவங்ககிட்ட விரிச்சு அளந்த அளவு கேட்டோம். எல் சைஸ்ல மார்பு 50, இடுப்பு 44. ரெண்டால பெருக்குனா 100, 88. எக்ஸெல்ல 106, 94.

எல்ல பாருங்க. மார்பு 100ல 91 போக 9 லூஸு, நீல குர்திய விட ரெண்டு கூட, நல்லது. இடுப்பு 88ல 81 போக 7, உக்காந்தா 4. நீல குர்திய விட ரெண்டு சென்டி குறைவு, ஆனா என்னோட 2 சென்டி கோட்டுக்கு மேலதான். சார்ட் என்ன சொல்லுச்சு? இடுப்புக்கு எக்ஸெல்லுனு சொல்லுச்சு. ஆனா துணி எல்லுலயே இடம் வச்சிருக்கு, ஏன்னா நேரா இறங்குற குர்தில இடுப்ப இறுக்கி வெட்டுறதில்ல, 76 இடுப்புக்குன்னு சொல்லி 88 சுற்றளவு குடுக்குறாங்க, பன்னெண்டு சென்டி லூஸு. உடம்பு சார்ட் இத வெளிய சொல்லாது. அதனால அந்த குர்திக்கு இடுப்பு வரிசைய மறந்துடலாம், மார்பும் தோளும்தான் முடிவு பண்ணும், எல்.

ஒரு சந்தேகம் இருந்துச்சு, காட்டன் தோச்சா சுருங்குமே. சுருக்கம் நூல் ஓடுற நீளவாக்குலதான் அதிகம், அதனாலதான் ரெண்டு தடவ தோச்ச குர்தி முட்டிக்கு மேல ஏறிக்கும், குறுக்க அந்த அளவுக்கு போகாது. குறுக்க ஒண்ணு ரெண்டு சென்டி போனாலும் உக்காந்தப்போ இருக்குற 4, ரெண்டோ மூணோ ஆகும். ஓரத்துல நிக்குது. அதுக்கு காப்பு உள்தையல்தான். "உள்ள மார்ஜின் எவ்வளவு விட்டிருக்கீங்க"ன்னு கேட்டோம், ஒரு இன்ச்னு பதில் வந்துச்சு, சரின்னு ஆர்டர் போட்டாச்சு.

மார்ஜின் கணக்கு தெரிஞ்சு வச்சுக்கோங்க, ரொம்ப உதவும். பக்கத்துக்கு ஒரு தையல், ஒவ்வொரு தையல்லயும் முன்துணி ஒண்ணு பின்துணி ஒண்ணு, ஆக மொத்தம் நாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குலயும் அரை சென்டி விட்டா சுத்தளவு 2 சென்டி கூடும், ஒரு சென்டி விட்டா 4 கூடும். இந்தியாவுல தைக்கிற குர்தி, சேல ப்ளவுஸ்ல எல்லாம் இந்த மார்ஜின் நெறய இருக்கும். இங்க மால்ல தொங்குற ஃபேஷன் கடை துணிங்கள திருப்பி பாத்தீங்கன்னா பல்லு பல்லா ஓவர்லாக் அடிச்சு ஒரு சென்டிதான் இருக்கும், அதுல இருந்து விரிக்க ஒண்ணும் கிடைக்காது. அதனால "சின்னத வாங்கி பிரிச்சு விடலாம்"ங்குறது இந்தியாவுல தைக்கிற துணிக்கு ஓடும், அந்த மால் துணிக்கு ஓடாது. பட்டு, வெல்வெட்டுல பழைய தையல் ஓட்டை தெரியும், நாள்பட்ட காட்டன்ல பழைய தையல் கோடு வெளிறாம பளிச்சுனு நிக்கும், அதயும் கணக்குல வச்சுக்கோங்க.

அடுத்து கவுன், இதான் வம்பு. இடுப்புல தையல், பின்னாடி ஜிப், இழுவை இல்லாத துணி, உள்ள லைனிங் வேற. துணி அளவு எல்ல மார்பு 96, இடுப்பு 80. எக்ஸெல்ல 102, 86.

எல்லோட இடுப்பு 80, அண்ணி இடுப்பு 81. ஜிப்பே ஏறாது, பேச்சே இல்ல. சார்ட்ல எல்லுக்கு இடுப்பு 76ன்னு போட்டு துணில வெறும் 4 சென்டி லூஸு குடுத்திருக்காங்க, ஒரே கடை, ஒரே சார்ட், குர்தில 12 இங்க 4. எக்ஸெல்ல இடுப்பு 86, நின்னா 5, உக்காந்தா 2. சரியா கோட்டுல. மார்பு 102ல 91 போக 11 லூஸு, அண்ணிக்கு பிடிச்சது 7, அப்போ நாலு சென்டி ஜாஸ்தி. தோள் எல்ல 38, எக்ஸெல்ல 39.

இங்க எக்ஸெல்தான் எடுக்கணும். காரணம், இடுப்புல தையல் வச்ச துணில இடுப்பு ஒரு பெல்ட் மாதிரி, அத விரிக்கணும்னா மேல் துண்டு, பாவாட துண்டு, லைனிங் மூணையும் பிரிக்கணும், அதுலயும் மார்ஜின் இருந்தாத்தான். மார்புல ஜாஸ்தியா இருக்குறத பிடிக்கிறது அதுக்கு பாதி வேல கூட இல்ல.

தோள் ஒரு சென்டி கூடிச்சேன்னு அண்ணி பயந்தாங்க. மொத்தம் ஒரு சென்டின்னா பக்கத்துக்கு அரை சென்டி, கண்ணுக்கு தெரியாது. ரெண்டு சைஸ் மேல போனாத்தான் பக்கத்துக்கு ஒரு சென்டி இறங்கி கை தையல் தோள் எலும்ப தாண்டி தொங்கும், தோள திருத்துறதுன்னா கையையே பிரிச்சு திரும்ப ஏத்தணும், அது காசும் நேரமும் புடிக்கிற வேல, சில தையக்காரங்க தீபாவளி நேரத்துல எடுக்கவே மாட்டாங்க. அதனால என் கணக்கு இப்படி: ரெண்டு அளவுக்கும் நடுவுல ஒரு சைஸ் வித்தியாசம்னா பெருச எடுத்து பிடிச்சுக்கலாம், ரெண்டு சைஸ் வித்தியாசம்னா அந்த கட்டிங்கையே விட்டுட்டு நேரா இறங்குறதோ, மார்புக்கு கீழ இருந்தே விரியுறதோ தேடலாம்.

வந்ததும் போட்டு பாக்குறது

டேக்க அறுக்காதீங்க. ரெண்டு நிமிஷம் உக்காருங்க, அப்புறம் பஸ்ல கைப்பிடி பிடிக்கிற மாதிரி ஒரு கைய தூக்குங்க. கண்ணாடில சுருக்கத்த படிங்க, அது சார்ட்ட விட நேர்மையா பேசும். இடுப்புல குறுக்க கோடு கோடா இழுத்துச்சுன்னா அங்க இறுக்கம். முதுகுல இடுப்புக்கு மேல துணி மடிஞ்சு ஏறிச்சுன்னா அதுவும் பெரும்பாலும் கீழ இறுக்கம்தான், இடம் இல்லாததால மேல ஒதுங்குது, நீளம் ஜாஸ்தின்னு நெனச்சு வெட்டிடாதீங்க. அக்குள்ல இருந்து மார்பு பக்கமா சாய்வா கோடு இழுத்தா மார்பு இறுக்கம். அக்குள் பக்கத்துல நெட்டுக்க மடிப்பு தொங்கினா அங்க லூஸு. குர்தில பக்க ஸ்லிட் நின்னப்பவே தலகீழ் வி மாதிரி விரிஞ்சா தப்பு இடுப்புல இல்ல, அதுக்கு கீழ பின்பக்கத்துல, ஸ்லிட்ட ஒரு இன்ச் மேல ஏத்துனா தீந்துடும்.

அண்ணியோட கவுன் வந்ததும் அக்குள்ல அந்த நெட்டு மடிப்பு இருந்துச்சு, இடுப்பு சரியா உக்காந்துச்சு. நாலு சென்டி எடுக்கணும், நாலு அடுக்கு, அடுக்குக்கு ஒரு சென்டி. அக்குள்ல ஒரு சென்டில ஆரம்பிச்சு இடுப்பு தையலுக்கு வர்றப்போ பூஜ்ஜியமா கரையுற மாதிரி சாய்வா கோடு போட்டு, முதல்ல பெரிய தையலா ஓட்டி போட்டு பாத்துட்டு அப்புறம்தான் முடிவான தையல். இதுல மறந்து போறது கை. அக்குள்ல ஒரு சென்டி எடுத்தா கையோட அடித்தையல்லயும் அதே ஒரு சென்டி எடுத்து முழங்கை பக்கமா கரைக்கணும், பக்கத்தையலும் கைத்தையலும் ஒரே கோடா ஓடணும், இல்லன்னா அக்குள்ல முடிச்சு மாதிரி துணி நிக்கும். லைனிங்கையும் தனியா அதே அளவு பிடிக்கணும். வெட்டிடாதீங்க, உள்ளயே விட்டு வைங்க, அடுத்த வருஷம் வேணும்னா விரிச்சுக்கலாம்.

சொந்தமா தைக்க தெரியாதவங்க தேக்கா சென்டர் மாடில குடுக்கலாம், தையக் கடைங்க வரிசையா இருக்கு, பேட்டைக்கு பேட்டை ஆல்ட்ரேஷன் கடைங்களும் இருக்கு. ஆனா "கொஞ்சம் டைட் பண்ணுங்க"ன்னு சொல்லாதீங்க. ஒரு தடவ நான் அப்படி சொல்லி குடுத்தேன், கடை பேரு வேணாம், அக்குள்ல இருந்து கீழ் விளிம்பு வரைக்கும் நேரா ஒரு இன்ச் உள்ள பிடிச்சு குடுத்துட்டாங்க, மார்பு சரியாச்சு, இடுப்பு போச்சு. இப்பல்லாம் ட்ரெஸ்ஸ போட்டுக்கிட்டே ஊசி குத்தி குடுக்குறேன், "அக்குள்ல ஒரு சென்டி, இடுப்புல ஒண்ணும் எடுக்க வேணாம், கையும் சேத்து"ன்னு வாயாலயும் சொல்லி சீட்டுலயும் எழுதுறேன்.

மார்பு பெருசு, இடுப்பு சின்னதுன்னா

இது தலகீழ் கேஸ், இவங்களுக்கு வேல சுலபம், அதனால சுருக்கமா. மார்புக்கு ஏத்த சைஸ வாங்கி இடுப்புல பிடிக்கிறது. பக்கத் தையல்ல மொத்தமா ஒரு அஞ்சு சென்டி வரைக்கும் எடுக்கலாம், அதுக்கு மேல எடுத்தா பக்கத் தையல் குழி விழுந்த மாதிரி வளைஞ்சு அடில துணி முறுக்கிக்கும். அஞ்சுக்கு மேல வேணும்னா மிச்சத்த முதுகுல ரெண்டு டார்ட்டா பிடிக்கணும், மீன் மாதிரி நடுவுல அகலமா ரெண்டு முனையும் கூர்மையா இருக்கும் பாருங்க, அந்த டார்ட். முன்னாடி பட்டன் வச்ச சட்டைல மட்டும் மார்பு அளவுல ஒரு சென்டி கூட விட்டுக் குடுக்காதீங்க, பட்டனுக்கு நடுவுல வாய் பிளக்கும், அதுக்கு உள்ள ஊக்கு குத்தி எத்தன நாள் ஓட்டுறது.

ஆம்பளைங்களுக்கு

எங்க சித்தப்பாவுக்கு மார்பு 100, வயிறு 98. அவரு பேன்ட் சைஸ் 36ன்னு சொல்லுவாரு, அது தொப்பைக்கு கீழ போடுற பேன்ட், ஜிப்பா அங்கயா இழுக்குது? ஆம்பளைங்க வயித்துல எது மொத்தமா முன்னாடி வருதோ அங்க அளக்கணும். லேபிள் எழுத்து ஆம்பளைங்களுக்கு வேற கணக்கு, Y-ன்னா வித்தியாசம் 17ல இருந்து 22, A-ன்னா 12ல இருந்து 16, B-ன்னா 7ல இருந்து 11, C-ன்னா 2ல இருந்து 6. சித்தப்பா C. ஸ்லிம் ஃபிட் சட்டைல இடுப்ப ஒடுக்கி வெட்டியிருப்பாங்க, அதுல அவருக்கு வயித்துக்குன்னு மேல சைஸ் போனா தோள் தொங்கும், காலர்ல ரெண்டு விரலுக்கு பதிலா கையே போகும். அதே சைஸ்ல ரெகுலர் ஃபிட் எடுத்தா மார்பும் வயிறும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவுல இறங்கும், தோளும் சரியா நிக்கும். அவருக்கு சைஸ மாத்த வேணாம், கட்டிங்க மாத்துனா போதும். ஜிப்பாவுக்கும் அப்படித்தான், அதுல ஸ்லிட் எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் பாத்துக்கோங்க, வயிறு முடியுறதுக்கு முன்னாடியே ஸ்லிட் ஆரம்பிச்சா காத்துல பறக்கும்.

அண்ணி ரெண்டையும் தீபாவளிக்கு போட்டாங்க, காலைல குர்தி, சாயங்காலம் கவுன். குர்திய மூணு தடவ தோச்சதுக்கு அப்புறம் உக்காந்தா லேசா இழுக்குதுன்னு போன மாசம் கொண்டு வந்தாங்க. மார்ஜின்ல அடுக்குக்கு அரை சென்டி விட்டு குடுத்தேன், பழைய தையல் கோடு கொஞ்சம் தெரியுது, ஷால் போட்டா மறைஞ்சிடுது.